ரெனால்ட்ஸ் எண் 923 என்றால் நிலைம விசை 923 மடங்கா?

கேள்வி: சேதராப்பட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் ஹைட்ராலிக் பவர் பேக்கில் பம்பு நிமிடத்துக்கு 40 லிட்டர், ரிட்டர்ன் பைப்பின் உள்விட்டம் 20 மிமீ, ஆயில் 46 கிரேடு. ரெனால்ட்ஸ் எண் போட்டுப் பார்த்தால் 923 வருகிறது, அதனால் ஓட்டம் லேமினார், அதாவது கொந்தளிக்காமல் அடுக்கடுக்காகப் போகும் என்கிறார்கள். ஆனால் அந்த எண் நிலைம விசைக்கும் பாகுநிலை விசைக்கும் உள்ள விகிதம்தானே? நிலைம விசை 923 மடங்கு பெரிதாக இருக்கும்போது பாகுநிலை எப்படி ஜெயிக்கும்? மதியம் ஆயில் சூடான பிறகும் லேமினாராகவே இருக்குமா?

பதில்:

923 சரிதான், ஆனால் அது ஆயில் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது மட்டும். மதியத்துக்கு மேல் உங்கள் பைப்பு லேமினார் எல்லையைத் தொட்டுவிடும், பிரஸ் மேலே திரும்பும் நேரத்தில் தாண்டியும் விடும். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில் விகிதம். பாடத்தில் "நிலைம விசை வகுத்தல் பாகுநிலை விசை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை அப்படியே நம்பினால் உங்கள் சந்தேகம் யாருக்கும் வரும்.

நேரான பைப்பில் ஆயில் சீராக, லேமினாராகப் போய்க்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். நடுவில் உள்ள ஒரு துளி வேகமாகப் போகிறது, சுவரோரத் துளி மெதுவாகப் போகிறது. ஆனால் ஒவ்வொரு துளியும் தன் வேகத்தை மாற்றாமல் நேர்கோட்டில் போகிறது. வேகம் மாறவில்லை என்றால் முடுக்கம் இல்லை, முடுக்கம் இல்லாவிட்டால் நிலைம விசையும் இல்லை. அங்கே உண்மையில் நடக்கும் போட்டி அழுத்தத்துக்கும் சுவர் உராய்வுக்கும் இடையில்தான். ஆக 923 மடங்கு நிலைம விசை என்று ஒன்று அந்தப் பைப்புக்குள் எங்குமே இல்லை.

அப்படியானால் 923 எதைச் சொல்கிறது? நிலைமத்தின் பக்கத்தில் நாம் போடுவது அடர்த்தி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். "ஒரு துளி தன் முழு வேகத்தையும் ஒரு பைப்பு விட்ட தூரத்துக்குள் மாற்ற வேண்டி வந்தால் எவ்வளவு விசை தேவைப்படும்" என்பதற்கான அளவு அது. பாகுநிலைப் பக்கத்தில் போடுவது பாகுநிலை பெருக்கல் வேகம் வகுத்தல் விட்டம். இரண்டுமே தோராயமான அளவுகோல்கள், அளந்த விசைகள் அல்ல. உங்கள் பைப்புக்கே போட்டுப் பார்க்கலாம். சராசரி வேகம் நொடிக்கு 2.12 மீட்டர், ஆயிலின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 870 கிலோ. முதல் அளவு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3,910 நியூட்டன், இரண்டாவது 4.24 நியூட்டன். வகுத்தால் உங்கள் 923 வந்துவிடும். ஆனால் லேமினார் ஓட்டத்தில் சுவரின் மேல் உண்மையாக விழும் உராய்வு அந்த 4.24 அல்ல, அதைப்போல் 8 மடங்கு, அதாவது சுமார் 34 நியூட்டன். உண்மையான உராய்வை வைத்து வகுத்தால் விகிதம் 115 ஆகிவிடுகிறது. அதே பைப்பு, அதே ஆயில். விட்டத்துக்குப் பதில் ஆரத்தை வைத்து எழுதுகிறவருக்கு 461 கிடைக்கும். அதனால் எண்ணின் பருமனைப் பார்த்து யார் ஜெயிக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே முறையில் கணக்குப் போட்டுக்கொண்டு, எந்த எண்ணில் ஓட்டம் மாறுகிறது என்பதைச் சோதனையில் பார்த்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

போட்டி உண்மையில் நடப்பது ஓட்டத்தில் ஏதாவது குலைவு வரும்போது. எல்போவைத் தாண்டும்போது, வெல்டிங் உள்பக்கம் துருத்தியிருக்கும் இடத்தில், பம்பின் துடிப்பில் சின்னச் சின்னச் சுழல்கள் பிறக்கும். அந்தச் சுழலை நிலைமம் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், பாகுநிலை தேய்த்து அடக்கப் பார்க்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் கரண்டியால் சுற்றிவிட்டு எடுத்தால் சுழல் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும், விளக்கெண்ணெயில் அதையே செய்தால் கரண்டியை எடுத்ததுமே நின்றுவிடும். அந்த வித்தியாசம்தான் இங்கே கேள்வி.

இப்போது அந்தச் சுழலுக்கு மட்டும் ரெனால்ட்ஸ் எண் போடுங்கள். சுழலின் வேகம் முழு ஓட்டத்தின் வேகத்தில் 5 சதவீதம், அளவு பைப்பு விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 மிமீ என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் நூறில் ஒரு பங்கு. பைப்பின் எண் 923 என்றால் சுழலின் எண் 9 சொச்சம். இவ்வளவு சின்ன எண்ணில் சுழலால் நீடிக்க முடியாது, எல்போவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துக்குள் தேய்ந்துவிடும். நான் எடுத்த 5 சதவீதமும் 4 மிமீயும் ஓர் உத்தேசம்தான், அவற்றை மாற்றினால் எண் மாறும். ஆனாலும் எல்லை ஏன் 1 என்றோ 10 என்றோ இல்லாமல் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்பது இதிலிருந்து புரிந்துவிடும். பைப்பின் எண் ஆயிரங்களில் இருக்கும்போதுதான் உள்ளே இருக்கும் சின்னச் சுழலுக்குத் தாக்குப்பிடிக்கும் எண் கிடைக்கிறது.

அந்த எல்லையும் மதில்போல ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு, நடுவில் சாய இழை ஓடவிட்டுப் பார்த்தார். தொட்டித் தண்ணீரை அசையாமல் வைத்துக் குழாயின் வாயை நன்கு வளைத்து வழவழப்பாக்கியபோது, இழை 12,000-க்குப் பக்கம் வரைகூடக் குலையாமல் ஓடியது. அதைவிடக் கவனமாகச் செய்த பிந்தைய சோதனைகளில் இன்னும் பல மடங்கு மேலே போயிருக்கிறார்கள். அதாவது குலைவையே உள்ளே விடாவிட்டால் லேமினார் வெகு தூரம் தாங்கும். மறுபக்கம், எவ்வளவு குலைத்துவிட்டாலும் சுமார் 2000-க்குக் கீழே கொந்தளிப்பு நிலைத்து நிற்பதில்லை. மிக நீண்ட குழாய்களில் செய்து 2011-இல் வெளியான ஒரு சோதனை அந்தக் கீழ் எல்லையை 2040 அருகே வைத்தது. அதற்குக் கீழே கொந்தளிப்புத் திட்டுகள் பரவுவதைவிட வேகமாக அழிகின்றன, அதற்கு மேலே அழிவதைவிட வேகமாகப் பரவுகின்றன. பிளஸ் ஒன் புத்தகத்தில் 1000, 2000 என்று போட்டிருக்கும், பொறியியல் புத்தகங்களில் 2000 அல்லது 2300, அப்புறம் 4000. எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எல்போவும் வால்வும் துடிக்கும் பம்பும் உள்ள உங்கள் லைனில் குலைவுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே கீழ் எல்லைதான் உங்களுக்குப் பொருந்தும்: 2000-க்குக் கீழே நிச்சயமாக லேமினார், அதற்கு மேலே எதையும் நம்பக் கூடாது.

சரி, இனி உங்கள் ஆயில். 46 கிரேடு என்பதன் பொருள் 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக், கூட்டியோ குறைத்தோ 10 சதவீதம். டப்பாவில் உள்ள எண்ணை எடுத்துச் சூத்திரத்தில் போடுகிற ஒவ்வொருவரும் ஆயில் 40 டிகிரியில் இருப்பதாகச் சொல்லாமலே சொல்கிறார்கள். சென்டிஸ்டோக், அடர்த்தியால் ஏற்கெனவே வகுத்த பாகுநிலை என்பதால் மறுபடியும் அடர்த்தி தேவையில்லை. லிட்டர், மில்லிமீட்டர், சென்டிஸ்டோக் என்று கையில் இருக்கும் அலகுகளிலேயே போட இது வசதி:

```
Re = 21220 × Q / (d × ν)

Q = லிட்டர்/நிமிடம்
d = உள்விட்டம், மிமீ
ν = சென்டிஸ்டோக்
```

பாகுநிலைக் குறியீடு 100 பக்கம் உள்ள சாதாரண மினரல் ஆயில் என்றால், 46 கிரேடு 25 டிகிரியில் சுமார் 100 சென்டிஸ்டோக் இருக்கும். 50 டிகிரியில் 30, 60-இல் 20.5, 70-இல் 15. மார்கழிக் காலையில் மெஷினைப் போடும்போது ஆயில் 25 டிகிரி என்றால் உங்கள் எண் 424. ஐம்பதில் 1415. அறுபதில் 2070, அதாவது எல்லையில் நிற்கிறது. எழுபதில் 2829. பம்பும் மாறவில்லை, பைப்பும் மாறவில்லை. வேகமும் விட்டமும் அப்படியே இருப்பதால் விகிதத்தின் மேல் பகுதி அசையவே இல்லை, கீழ்ப் பகுதி மட்டும் கரைந்துகொண்டே வருகிறது. சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் டேங்க் 65 டிகிரி காட்டுகிறது என்றால் காலையில் ஓடிய ஓட்டமும் மதியம் ஓடும் ஓட்டமும் ஒரே வகை அல்ல.

வெப்பநிலையை எங்கே அளக்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லேமினாரில் அடுக்குகள் கலப்பதில்லை, ஆயிலும் வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. அதனால் சுவரோர ஆயில் ஆறிக் கெட்டியாக இருக்க, நடு ஆயில் சூடாகவே போய்விடும். பைப்பின் மேல் ஐஆர் கன் வைத்தால் கிடைப்பது சுவரின் வெப்பநிலை. டேங்கின் தெர்மாமீட்டரை நம்புங்கள். ஆயில் கூலர் "சரியாக வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பாதிக்கு இந்தக் கலக்காத நடுப்பகுதிதான் காரணம் என்பது என் எண்ணம். கூலரைக் குறை சொல்லும் முன் அதன் குழாய்க்குள் ரெனால்ட்ஸ் எண் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது, அதிகம் பேர் தவறவிடும் இடம்: ரிட்டர்ன் லைனில் ஓடுவது எப்போதும் பம்பின் 40 லிட்டர் அல்ல. பிரஸ் சும்மா நிற்கும்போது, பம்பு டேங்குக்கே அன்லோடு ஆகிறது என்றால், 40 லிட்டர்தான். ஆனால் சிலிண்டர் மேலே திரும்பும்போது பம்பு ராடு பக்கம் எண்ணெய் தள்ளுகிறது, பிஸ்டனின் முழுப் பரப்புப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெளியே வருகிறது. சிலிண்டர் 100 மிமீ, ராடு 70 மிமீ என்று எடுத்துக்கொண்டால் இரு பக்கப் பரப்புகளின் விகிதம் 1.96. பம்பு 40 லிட்டர் கொடுக்க, ரிட்டர்னில் 78 லிட்டர் வரும். 40 டிகிரியிலேயே உங்கள் எண் 1800-ஐத் தொடும், 50 டிகிரியில் 2770 ஆகிவிடும். பிரஸ் கீழே இறங்கும்போது இதற்கு நேர்மாறாக 20 லிட்டர்தான் திரும்பும். ஒரே ஸ்ட்ரோக்கில் அதே பைப்பு லேமினாராக இருந்து, எல்லை தாண்டி, திரும்பி வருகிறது. உங்கள் சிலிண்டரின் அளவுகள் வேறாக இருக்கலாம், நேம் பிளேட்டைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பைப்பைப் பெரிதாக்கினால் எண் கூடும் என்று சிலர் நினைப்பார்கள், பாடச் சூத்திரத்தில் வேகத்தோடு விட்டமும் மேலே இருப்பதால். வேகம் மாறாமல் இருந்தால்தான் அது உண்மை. பம்பு தள்ளும் அளவு மாறாதபோது விட்டம் கூடினால் வேகம் விட்டத்தின் வர்க்கத்தில் விழும், மொத்தத்தில் எண் குறையும். மேலே தந்த சூத்திரத்தில் d கீழே நிற்பது அதனால்தான். 25 மிமீ உள்விட்டம் போட்டால் 60 டிகிரியிலும் 40 லிட்டருக்கு 1656-இல் நிற்கும். பிரஷர் லைனுக்கு இன்னொரு திருத்தமும் உண்டு. 200 பார் அழுத்தத்தில் மினரல் ஆயிலின் பாகுநிலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும், அதனால் அங்கே எண் அந்த அளவுக்குக் குறையும். ரிட்டர்னில் இது கணக்கிலேயே வராது.

இதெல்லாம் காகிதக் கணக்கு. பைப்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளக் காதை நம்ப வேண்டாம். சத்தம் பெரும்பாலும் பம்பிலிருந்தும் ரிலீஃப் வால்விலிருந்தும் வருகிறது. டேங்கில் நுரை வந்தால் "டர்புலன்ட் ஆகிவிட்டது" என்று சொல்வதும் வழக்கம். அது சக்ஷன் பக்கம் காற்று இழுப்பதாக இருக்கலாம், ரிட்டர்ன் பைப்பு ஆயில் மட்டத்துக்கு மேலே முடிவதாகவும் இருக்கலாம். லேமினாருக்கும் டர்புலன்ட்டுக்கும் அதில் சம்பந்தம் இல்லை. நம்பத் தகுந்த சாட்சி அழுத்த இழப்பு.

10 மீட்டர் நேர் பைப்புக்கு 40 லிட்டர் ஓட்டத்தில் இழப்பைக் கணக்கிட்டால் இப்படி வரும். ஆயில் 30 டிகிரியில் இருக்கும்போது பாகுநிலை சுமார் 75 சென்டிஸ்டோக், இழப்பு 1.1 பார். நாற்பதில் 0.68, ஐம்பதில் 0.44, அறுபதில் 0.30. லேமினாரில் இழப்பு பாகுநிலைக்கு நேர் விகிதத்தில் இருப்பதால் ஆயில் இளக இளக இறங்கிக்கொண்டே வருகிறது. எழுபதிலும் லேமினாராகவே இருந்தால் 0.22 வரவேண்டும். கொந்தளிப்பு வந்துவிட்டால், வழவழப்பான பைப்புக்கான பிளாசியஸ் சூத்திரப்படி 0.42 பார் வரும். அதாவது ஆயில் மேலும் இளகியும் இழப்பு கூடும். இப்படி இறங்கி வந்த முள் திரும்பி ஏறும் இடம்தான் உங்கள் லைனின் உண்மையான எல்லை. அந்த இடத்தில் கேஜ் முள் ஒரு நிலையில் நிற்காமல் தாவும். கொந்தளிப்பு மொத்தமாக வராமல் திட்டுத் திட்டாகக் கடந்துபோவதுதான் காரணம்.

செய்து பார்ப்பதானால் மெயின் கேஜ் உதவாது, 250 பார் டயலில் 0.3 பார் கண்ணுக்கே தெரியாது. 0 முதல் 1.6 பார் வரை உள்ள சின்ன கேஜ் இரண்டு வாங்கி, ரிட்டர்னின் நேரான பகுதியின் இரு முனைகளிலும் போடுங்கள். இரண்டும் ஃபில்டருக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு ஃபில்டரின் இழப்பும் சேர்ந்து குழப்பிவிடும். முதல் கேஜ் எல்போவுக்கு ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். லேமினார் ஓட்டம் முழு வடிவம் எடுக்க 0.06 பெருக்கல் ரெனால்ட்ஸ் எண் பெருக்கல் விட்டம் என்ற தூரம் வேண்டும், 923-க்கு அது 1.1 மீட்டர். நேர்ப் பகுதி 10 மீட்டர் இல்லை, 4 மீட்டர்தான் என்றால் மேலே சொன்ன எண்களை 0.4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சிலிண்டர் அசையாமல் நிற்க, பம்பு அன்லோடில் ஓடும்போது மட்டும் எழுதுங்கள். மெஷின் ஓட்டத்தில் கேஜின் மேல் அழுத்தம் தாவும் என்பதால் இரண்டுக்கும் ஐசொலேட்டர் வால்வு போட்டு, படிக்கும்போது மட்டும் திறப்பது நல்லது. காலையில் ஸ்டார்ட் செய்ததிலிருந்து டேங்க் வெப்பநிலை 5 டிகிரி ஏறும் ஒவ்வொரு முறையும் இரண்டு கேஜின் வித்தியாசத்தையும் எழுதிக்கொண்டு வந்தால், மதியத்துக்குள் உங்கள் கையில் வளைகோடு இருக்கும்.